வெளியேற்றப்படுவார்கள்

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய மெமோவை உலகம்மை இன்னும் மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தாள். ஒரே ஒரு வாக்கியத்துக்காக வாங்கியது. "பொறியாளர்கள் மதகைத் திறந்தார்கள், வயல்கள் மூழ்கின" என்று ஒரு செய்திக் குறிப்பில் எழுதிவிட்டாள். நடந்ததும் அதுதான். ஆனால் எங்களை எழுவாயாக்க இவள் யார் என்று பொறியாளர்கள் கொதித்துக் கிளம்பிவிட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, ஓய்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் வாக்கியங்களில் ஆள் நடமாட்டமே கிடையாது. மதகுகள் திறக்கப்படும். சாலைகள் மூடப்படும். நிவாரணம் வழங்கப்படும். திறக்கிறவன், மூடுகிறவன், வழங்குகிறவன் எல்லாரும் எங்கேயோ போய்ப் பதுங்கிக்கொண்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கு நல்ல பெயர். "இப்பம்தாம்மா உன் எழுத்து கவர்ன்மெண்டு எழுத்து மாதிரி இருக்கு" என்று கண்காணிப்பாளர் ஞானமுத்து மெச்சினார். பத்தொன்பது வருட மொழிபெயர்ப்பாளர் வேலையில் அவர் மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

நான்கு நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மஞ்சனத்தி அணையிலிருந்து இங்கிலீஷில் ஓர் அறிக்கை வந்தது. நாலே வரி. அணை நிரம்பிவிட்டது, பகல் இரண்டு மணிக்கு மதகு எல்லாவற்றையும் திறக்க வேண்டியிருக்கும், ஓடைத்துறை கிராமத்து மக்கள் ஒரு மணிக்குள் மேட்டுப் பள்ளிக்கு "ஆர் டு பி எவாகுவேட்டட்."

ஓடைத்துறை என்ற பெயரைப் பார்த்ததும் உலகம்மை செல்போனைக் கையில் எடுத்தாள். தங்கை வடிவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை லாரியோடு குஜராத் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் வடிவும், கால் ஒடிந்து கட்டிலோடு கிடக்கிற மாமனாரும் மட்டும். தங்கைக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை. ஞானமுத்து தலைக்கு மேல் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினார். பயந்த நேரத்தில் மனுஷர் யோசிப்பதில்லை. கை பழகிய தடத்தில் போகும். அவள் கையும் அப்படித்தான் போயிற்று.

"இன்று பிற்பகல் 2 மணிக்கு அணையிலிருந்து உபரிநீர் திறந்துவிடப்படும். ஓடைத்துறை குடியிருப்புவாசிகள் பகல் 1 மணிக்குள் மேட்டுப் பள்ளிக்கு வெளியேற்றப்படுவார்கள்."

ஞானமுத்து படித்தார், கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்கு அந்தக் குறுஞ்செய்தி ஊரில் உள்ள செல்போனுக்கெல்லாம் போய்விட்டது.

பதினொன்று இருபத்தைந்துக்கு வடிவே கூப்பிட்டாள். அவள் குரலில் பதற்றமே இல்லை. அதைக் கேட்டுத்தான் உலகம்மைக்கு முதலில் திக்கென்றது.

"ஏ அக்கா, நீ எழுதின மெசேஜுதான? பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு. ஒரு எழுத்துப் பிழை கெடையாது."

"கெளம்பிட்டியாட்டி?"

"எல்லாம் கட்டி வச்சாச்சு. வாசல்ல மூட்டை மேலதான் உக்காந்திருக்கேன். தெருவே உக்காந்திருக்கு, கலியாண வீட்டுக்குக் கெளம்புன மாதிரி. வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

"என்ன வண்டி?"

"எங்களை வெளியேத்த வாற வண்டிக்கா. இரு, மாமா பேசணுங்காவ."

வடிவின் மாமனார் தளவாய் மாமா அந்த ஊரில் முப்பத்தாறு வருடம் தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கக் காகிதம் என்றால் அவருக்குச் சாமி பிரசாதம் மாதிரி, இரண்டு கையாலும்தான் வாங்குவார். அவர் குரல் கம்பீரமாக வந்தது.

"தாயி உலகம்மை, இங்க கொஞ்ச பேரு, நம்மளாப் போயிருவோமான்னு துள்ளுதானுவ. நான்தான் ஒக்கார வச்சிருக்கேன். ஏலே, 'வெளியேறுவார்கள்'னு போட்டிருந்தா நாம போணும். 'வெளியேற்றப்படுவார்கள்'னுல்லா போட்டிருக்கு. அப்பம் அவிய வந்து கூட்டிட்டுப் போவாவ. வாசிக்கத் தெரியாத மூதியளுக்கு இது எங்க வெளங்கும்? நம்ம டீக்கடை மூக்காண்டியைப் பாலத்து முக்குல நிப்பாட்டியிருக்கேன், வண்டிக்கு வழி காட்ட. இல்லேன்னா டிரைவரு நேரா போயிருவாம்லா."

மாமா சொன்னதில் இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. வெளியேறு என்றால் தானே போவது. வெளியேற்று என்றால் இன்னொருவர் வந்து அனுப்புவது. அதோடு ஒரு 'படு'வையும் சேர்த்து, இருந்த இடத்திலேயே இரு, உன்னைக் கொண்டுபோவார்கள் என்று உலகம்மையே எழுதி அனுப்பியிருக்கிறாள். இங்கிலீஷ் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதில் வண்டி என்ற பேச்சே இல்லை.

"மாமா, லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு மேசைத் தொலைபேசியில் வருவாய் ஆய்வாளரைப் பிடித்தாள்.

"வண்டியா? நல்ல கதையா இருக்கே மேடம்! ஊருக்கு ரொம்ப முன்னாலயே தரைப்பாலம் ரெண்டும் முங்கிட்டு. நான் இக்கரையில நிக்கேன். ஒரு ஆளு அங்க போக முடியாது. அந்தச் சனங்க தானா ஏறிப் போகணும்னுதான சொன்னது? பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர்தான?"

உலகம்மை செல்போனைத் திரும்ப எடுத்தாள். "மாமா, வண்டி வராது. யாரும் வரமாட்டாவ. இப்பமே நடங்க."

மாமா நிதானமாகச் சொன்னார்: "நீ சொல்லுத, நான் நம்புதேன். தெரு நம்பணும்லா? போன வருசம் அணை ஒடஞ்சுட்டுன்னு எவனோ போன்ல பெரளியக் கெளப்பி, எல்லாரும் ஓடி, திரும்பி வந்து பாத்தா அஞ்சு வீட்டுல களவு. அதுக்கப்புறம் எழுத்துல வந்தாத்தான் அசைவோம்னு ஊரே முடிவு பண்ணியிருக்கு. எழுத்துல வண்டி வரும்னு இருக்கு தாயி. வராதுன்னும் எழுத்துல வரட்டும்."

வடிவு போனைப் பிடுங்கினாள். "அக்கா, மாமா கட்டிலைத் தூக்க நாலு ஆம்பளை வேணும். இவியளை விட்டுட்டு நான் எங்க போவேன்? சீக்கிரம் எழுதி அனுப்புக்கா."

மணி பதினொன்று நாற்பது. உலகம்மை மூன்று வரி அடித்து ஞானமுத்துவிடம் கொண்டு ஓடினாள்: "வண்டி எதுவும் வராது. அணைத் தண்ணீரைத் திறக்கப் போகிறார்கள். இப்போதே கிளம்பி நடந்தே மேட்டுப் பள்ளிக்குப் போங்கள்."

ஞானமுத்து கெட்டவர் இல்லை. ஓய்வு பெறப் பதினோரு மாதம் பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று வரியையும் தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது என்ன, நீ சந்தையில நின்னு கூப்பாடு போடுத மாதிரி? திறக்கப் போகிறார்கள்னா யாருன்னு கேப்பான். போங்கள்னா, சொல்லதுக்கு நீ யாருன்னு கேப்பான்." சிவப்புப் பேனாவை எடுத்து அடித்து எழுதினார்: 'வாகன வசதி ஏற்பாடு செய்யப்பட இயலாத சூழ்நிலையில், குடியிருப்புவாசிகள் தாமாகவே வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

"கேட்டுக்கொள்ளப்படுகிறார்களா! சார், அங்க மூட்டை மேல உக்காந்திருக்கவன் இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள தண்ணி வந்துரும்."

"ஏம்மா, தமிழ்ல செயப்பாட்டுவினை இல்லையா? நான் படிக்கலையா?"

"ஏட்டுல இருக்கு சார், வாயில இல்ல. உங்க வீட்டு அக்கா, 'சோறு ஆக்கப்பட்டது, சாப்பிட வாங்க'ன்னா சொல்லுதாவ? 'ஆக்கியாச்சு'ம்பாவ. யாரு ஆக்குனான்னு அதுல இருக்கா? வறுக்கப்பட்ட கடலைன்னு எவனாவது விக்கானா? வறுத்த கடலைதான். கடலையா எந்திரிச்சு வறுத்துச்சுன்னு யாரும் நெனைக்க மாட்டான்."

"அது பேச்சு. இது எழுத்து."

"சாகப்போறவனுக்கு எழுதுததும் பேச்சுதான் சார்." தன் குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து உலகம்மை தணித்துக்கொண்டாள். இவருக்குக் கோபம் மூட்டினால் காரியம் கெட்டுவிடும். இவருக்கு என்ன பயமோ அதற்குத்தான் மருந்து சொல்ல வேண்டும். "சார், உங்களுக்கு என்ன, ஆள் பேரு வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான? அதுக்கு 'படு' எதுக்கு? இங்கிலீஷ்காரனுக்கு, செய்தவனை மறைக்கணும்னா தண்ணியைத் தூக்கி எழுவாயா உக்கார வைக்கணும். வேற வழி அவனுக்குக் கம்மி. நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. 'தண்ணியை'ன்னு ஒரு ஐ போட்டா, அதை எங்க வச்சாலும் அது செயப்படுபொருள்னு தெரிஞ்சுபோகும். எழுவாயைச் சொல்லாமலே விடலாம். தண்ணியைத் தொறக்கப் போறாவ. யாரு? எவனும் கேக்க மாட்டான். 'படு'ங்கது அனுபவிக்கிற சொல்லு சார். அவதிப்படுதோம், பாடுபடுதோம், மாமாவுக்குக் கால்ல அடிபட்டுட்டு. அதைக் கொண்டுபோய் எல்லா வினையிலயும் ஒட்டவச்சு, செய்யுத வேலையை எல்லாம் யாரோ செய்வான்னு ஆக்கிட்டோம். ஒளியணும்னா தமிழே எடம் தரும் சார். இது ஒளியுத எடம் இல்ல, ஆளைக் கொல்லுத எடம்."

ஞானமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். "சரி, 'திறக்கப் போகிறார்கள்' இருக்கட்டும். 'போங்கள்' இருக்கட்டும். ஆனா 'வண்டி வராது' கூடாது. அதுல ஆளு பேரே இல்லாட்டியும் நாம மாட்டுவோம். அப்பம் வரும்னு முதல்ல சொன்னது யாருன்னு கேட்டு நிப்பான்."

"அந்த வரி இல்லேன்னா அவிய எந்திரிக்க மாட்டாவ சார். முதல் மெசேஜு சொன்ன வண்டிக்காகத்தான் உக்காந்திருக்காவ."

"ஆட்சியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்" என்று அவர் போனோடு நடைக்குப் போனார். ஆட்சியர் வெள்ளப் பகுதியில் இருந்தார். அவர் போன் எட்டவில்லை. ஞானமுத்து மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தார்.

உலகம்மை தன் இருக்கையில் உட்கார்ந்தாள். குறுஞ்செய்தி அனுப்பும் திரை திறந்தே இருந்தது. வேலை போய்விடும் என்று பயம். தங்கை போய்விடுவாள் என்று அதைவிடப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள். அந்த ஒரு நிமிடத்தைப் பின்னால் அவள் பலமுறை எண்ணிப் பார்த்தாள்.

பிறகு அடித்தாள்: "முதல் அறிவிப்பைத் தவறாக எழுதியது நான். வண்டி வராது. அணைத் தண்ணீரைத் திறக்கப் போகிறார்கள். இப்போதே நடந்து மேட்டுப் பள்ளிக்குப் போங்கள். இப்படிக்கு உலகம்மை, மொழிபெயர்ப்பாளர்." ஞானமுத்து திரும்பி வருவதற்குள் அனுப்பிவிட்டாள். மணி பன்னிரண்டு ஐந்து.

அவர் திரையை இரண்டு தரம் படித்தார். பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எம்மா, பேரையா போட்ட?" என்றார்.

பத்து நிமிடத்தில் வடிவு கூப்பிட்டாள். பின்னால் தெருவே இரைந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தளவாய் மாமாவின் குரல் கேட்டது: "பேரு போட்டு எழுதியிருக்கா பாருங்கலே! பேரு போட்டு எழுதுனவ பொய் சொல்ல மாட்டா. இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிய, கட்டிலைத் தூக்குங்கலே!" வடிவு என்னமோ சொல்ல வந்தாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அதற்கப்புறம் மூன்றரை மணி வரை ஒன்றும் இல்லை. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணிக்கு, மதகுகள் திறந்தாயிற்று என்று அணையிலிருந்து தகவல் வந்தது. உலகம்மை வடிவின் எண்ணை அழுத்துவதும், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொல்வதைக் கேட்பதுமாக இருந்தாள். யாரோ வாங்கி வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கால் மாட்டில் தண்ணீர் ஏறுகிற மாதிரி இருந்தது, இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு ஏதோ தெரியாத எண். பள்ளிக்கூட வாத்தியார் போனிலிருந்து வடிவு.

"வந்துட்டோம்க்கா. மாமாவும் வந்தாச்சு. சகதியில கட்டிலைத் தூக்கி வர ரெண்டு மணிக்கு மேல ஆயிட்டு. வாசப்படி ஏறும்போது பின்னால ஒரு எரைச்சல் கேட்டுச்சு பாரு... நம்ம தெரு முழுக்கத் தண்ணிக்கா. கூரைதான் தெரியுது."

உலகம்மை மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். ஞானமுத்து எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். மழை நாளில் அது குளிர்தான் அடித்தது.

"அக்கா" என்றாள் வடிவு. குரல் மாறியிருந்தது. "மூக்காண்டி அண்ணாச்சியைக் காணோம்."

உலகம்மை நிமிர்ந்தாள்.

"பாலத்து முக்குல நின்னாருல்லா, வண்டிக்காக. அவருட்டதான் போன் கெடையாதே. ஆளனுப்பணும்னு ஒருத்தருக்கும் தோணலக்கா. இவன் போயிருப்பான்னு அவன் நெனைக்கான், அவன் போயிருப்பான்னு இவன் நெனைக்கான். ஏறி வரும்போது நம்ம எசக்கி பாத்திருக்கா, கூப்பிட்டா கேக்காத தூரத்துல, தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரோட்டைப் பாத்து வீசிக்கிட்டு இருந்தாராம். வண்டின்னு நெனைச்சு எதுக்கோ வீசியிருக்காரு."

மூக்காண்டி என்ற பெயரை மாமா சொன்னபோது அவள் காதிலும் விழுந்ததுதான். அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அவளும்தான் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டு மைல் கீழே ஒரு முள்வேலியில் அவரைக் கண்டெடுத்தார்கள். ஞானமுத்து அன்றாட அறிக்கை தயாரித்து, இங்கிலீஷில் மாற்றுவதற்காக அவள் மேசைக்கு அனுப்பினார். 'ஓடைத்துறையைச் சேர்ந்த மூக்காண்டி (58) என்பவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்.' அவள் அதை மாற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், அத்தனை சுலபமாக அது இங்கிலீஷுக்குப் போயிற்று. இங்கிலீஷிலும் யாரும் அவரைக் கொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் மெமோ வந்தது. 'உரிய ஒப்புதலின்றி இரண்டாவது அறிவிப்பு தங்களால் அனுப்பப்பட்டது குறித்து, தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கப்படக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்கப்பட வேண்டும்.'

ஞானமுத்து கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார். "நல்லாக் கேட்டுக்கோ. ரெண்டாவது மெசேஜைப் பத்தி மட்டும்தான் கேட்டிருக்கு. முதல் மெசேஜைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தப்பா எழுதினேன்னு நீ போட்டதை, ஊரைக் கெளப்பப் போட்டதுன்னு விட்டுட்டான். அதுல பிழையே இல்லைன்னுதான் எல்லாரும் நெனைக்கான். 'அவசரத்தின் காரணமாக அனுப்பப்பட்டுவிட்டது, இனி இவ்வாறு நேராது'ன்னு ரெண்டு வரி போடு. ஊரைக் காப்பாத்தியிருக்க, அதனால விட்டுருவான். முதலாவது அப்படியே போயிரும். சவத்தை விட்டுத் தள்ளு."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார் என்று உலகம்மைக்குத் தெரியும். அவர் சொன்னபடி எழுதினால் தப்பிக்கலாம் என்பதும் தெரியும். அனுப்பப்பட்டுவிட்டது. நேர்ந்துவிட்டது. யாருமில்லாத ஒரு வாக்கியம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பயமாக இருந்தது. வேலை போய்விட்டால் வேறெங்கும் போய் நிற்கத் தெரியாதவள் அவள். பேனா மூடியைக் கழற்றினாள்.

பிறகு, கேட்காத கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதினாள்.

"முதல் அறிவிப்பை நான் எழுதினேன். வண்டி வரும் என்று மூக்காண்டி நம்பினார். அதற்கு வழி காட்டப் பாலத்து முக்கில் நின்றார்."